கொட்டித் தீர்த்த மழை

மழைக்காலம் பாதி போன பிறகும் வானம் இரண்டு தூறலைக் காட்டி ஏமாற்றிக்கொண்டே இருந்ததால், அண்ணி ரம்பத்துக்கு அரம் போட உட்கார்ந்துவிட்டாள்.

எலுமிச்சைத் தோட்டத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கவாத்து செய்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. சும்மா நுனி கிள்ளுகிற கவாத்து இல்லை. கிளைகளையெல்லாம் கழித்து மரத்தை மொட்டை அடிக்கிற கவாத்து. இலை இல்லாத மரம் தண்ணீர் கேட்காது, உறங்கிக் கிடக்கும். கிணற்றில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரை வைத்து மற்ற வரிசைகளைக் காப்பாற்றலாம். நல்ல மழை பெய்கிற வருஷம் மொட்டை மரமும் துளிர்த்துக்கொள்ளும். ஆனால் மரத்தில் தெம்பு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். இலை சுருண்ட பிறகு வெட்டினால் அதற்குப் பெயர் கவாத்து இல்லை, விறகு வெட்டுவது.

அண்ணனுக்கு மனசு வரவில்லை. அவருக்கு எதற்குத்தான் மனசு வந்திருக்கிறது? ஒரு செருப்பு வாங்குவதாக இருந்தாலும் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் காலில் மாட்டுவார்.

"குட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார்.

"கேளுங்க, கேளுங்க. மூச்சு விடலாமான்னும் சேத்துக் கேட்டுடுங்க" என்றாள் அண்ணி, அரத்தை நிறுத்தாமல்.

குட்டிக்கு நாற்பது தாண்டி முன்நெற்றியில் நரையும் விழுந்துவிட்டது. ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் அணையில் அவள் இன்ஜினீயர். அங்கே அவளைக் குட்டி என்று கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. எத்தனை மதகு எவ்வளவு தூக்க வேண்டும் என்று அவள் விரலை அசைத்தால் ஆறு நகரும். அப்பா போன பிறகு இந்த எலுமிச்சை மரங்களை வைத்துத்தான் அண்ணன் அவளைப் படிக்க வைத்தார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவர் செய்துகொண்ட பெருமை ஒன்றே ஒன்று. தண்ணீர் விஷயம் எதுவானாலும், "எங்க வீட்டுலயே இன்ஜினீயர் இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்குப் போனில் குட்டி, "அண்ணி சொல்றது சரிதான். இந்த வாரம் பாத்துட்டு வெட்டிடுங்க" என்றுதான் சொன்னாள். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம்தான் வானம் பொத்துக்கொண்டது.

சாமானிய மழை இல்லை. எங்கிருந்தோ வந்த மேகமெல்லாம் மலைக்கு மேல் கூடாரம் அடித்து உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியதை மூன்றே நாளில் தலையில் கொட்டித் தீர்த்தது. காய்ந்து கல்லாகிக் கிடந்த மண் அதை எப்படி வாங்கும்? பெரிய பெரிய துளி விழுந்த வேகத்தில் மேல்மண் பொடிந்து, குழைந்து, பூசி மெழுகியது போலத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டது. மிச்சத் தண்ணீரெல்லாம் சரிவில் உருண்டு ஓடையில் விழுந்தது. ஓடை ஆற்றில் விழுந்தது. ஆறு செக்கச்செவேலென்று வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு அணைக்கு வந்தது.

அணையில் யாருக்கும் தூக்கம் இல்லை. மதகு ஆபரேட்டரை எல்லோரும் மீசை என்பார்கள். முறுக்கி முறுக்கி மேலே நிற்கும் அந்த மீசை, அந்த மூன்று நாளும் நனைந்து வாயில் தொங்கியது.

"மேடம், இப்பவே பாதிக்கு மேல ஏறிடுச்சு. இன்னும் வந்துகிட்டே இருக்கு" என்றார் மீசை.

"திறந்துடலாம். ஒண்ணு விட்டு ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமா தூக்குங்க."

"மனசு கேக்கலை மேடம். போன மாசம் பூரா இந்தத் தண்ணிக்காகத்தானே வாயைப் பொளந்துகிட்டு நின்னோம்."

"எனக்கு மட்டும் கேக்குதா?"

மழைக்காலம் பாதியில் இருக்கும்போது அணையை முழுக்க நிரப்பி வைக்கக் கூடாது. இது புத்தகத்தில் இருக்கிற விதி மட்டும் இல்லை, அணைக்குக் கீழே இருக்கிற ஊரின் உயிர். இன்னொரு மழை இதே மாதிரி வந்தால் அதை வாங்கிக்கொள்ள மேலே காலி இடம் வேண்டும். இடம் இல்லாமல் போனால் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டி வரும். அப்போது கீழே ஊர் இருக்காது. அடுத்த மழையும் கடலில் உருவாகிக்கொண்டிருப்பதாக வானிலைச் செய்தி வேறு சொன்னது. அதனால் வந்ததில் பெரும்பகுதியை விடத்தான் வேண்டும். குட்டி விட்டாள். அதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கு மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வாள்.

குற்றம் வேறு இடத்தில் நடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை வெறித்தது. மதகுகளின் இரைச்சலுக்கு நடுவில் போன் அடித்தது. அண்ணன்.

"குட்டி! கிணறு நெறைஞ்சு வழியுது! வரப்புல உக்காந்துகிட்டு கையாலயே தண்ணிய அள்ளுறேன் பாரு! இந்தக் கிணத்துல இப்படி நான் பாத்ததே இல்லை. உங்க அண்ணி வாயடைச்சு நிக்கிறா. அதைப் பாக்கவாவது நீ வந்திருக்கணும்!"

அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. பின்னால் அண்ணி ஏதோ சொல்வது கேட்டது. என்ன என்று புரியவில்லை.

"ரம்பத்தை உள்ள வெச்சுடவா? வெட்ட வேண்டாம்ல?"

குட்டி சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். மழைமானிக் கணக்கு எழுதுகிற பலகை. அந்தப் பருவம் முழுவதற்கும் சராசரியாகப் பெய்ய வேண்டிய மழையை அந்த மூன்று நாளிலேயே தொட்டாகிவிட்டது. பெரிய இன்ஜினீயர் காலையில்தான் அதன் கீழே சாக்பீஸால் கோடு இழுத்து, "கவலை விட்டது" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். பருவமோ இன்னும் பாதி பாக்கி.

"வெட்ட வேண்டாம் அண்ணா. இன்னும் பாதி சீசன் இருக்கு. எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

இங்கேதான் நமக்கு அவள் மேல் கோபம் வருகிறது. ஏனென்றால் விவசாயிகள் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக்கைப் பிடித்து அவள் சொல்கிற முதல் வார்த்தையே இதுதான்: "கிணத்துல நிக்கிற தண்ணியைப் பாத்து ஏமாறாதீங்க. மோட்டார் போட்டு முழுக்க இறைச்சு விடுங்க. மறுநாள் எவ்வளவு ஊறியிருக்குன்னு பாருங்க. நிக்கிறது விருந்தாளி. ஊறுறதுதான் வீட்டு ஆளு." கூட்டம் சிரிக்கும். ஊருக்கெல்லாம் போட்ட அந்தக் கேள்வியை அவள் சொந்த அண்ணனிடம் கேட்கவில்லை. கிணற்றில் வந்தது மேலே ஓடிய தண்ணீரா, கீழே ஊறிய தண்ணீரா? தெளிவா, செம்மண் கலங்கலா? ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. மூன்று நாள் கண் மூடாமல் இருந்தவள், அண்ணன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனமில்லாமல் பலகையைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டாள்.

அண்ணன் ரம்பத்தைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வானம் துடைத்துவிட்டது போல வெளுத்தது. அடிக்கிற வெயிலில் மழை பெய்ததே கனவோ என்று ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து மறுபடி போன்.

"குட்டி, மரமெல்லாம் பூத்திருக்கு. ஒண்ணு விடாம. இலையே தெரியலை. நீ இந்த ஞாயித்துக்கிழமை வந்தே ஆகணும்."

குட்டி போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி மண்பாதையில் திரும்பும்போதே வாசனை எதிர்கொண்டு வந்தது. தோட்டம் முழுக்க வெள்ளை. ஒவ்வொரு மரமும் புதுத் துளிர் விட்டு, துளிருக்கு மேல் பூவாகச் சொரிந்து நின்றது. வாடி நின்ற எலுமிச்சைக்குத் திடீரென்று ஒரு தண்ணீர் காட்டினால் அது அப்படித்தான் செய்யும். நல்ல காலம் வந்துவிட்டது என்று நம்பி, கையில் இருக்கிறதையெல்லாம் செலவு செய்துவிடும். அண்ணன் நடுவில் நின்று, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார்.

"எப்படி?"

"நல்லா இருக்குண்ணா" என்றாள் குட்டி. அவள் கண் பூவை விட்டு மரத்தடி மண்ணுக்குப் போனது.

  அண்ணி குட்டியின் கையைப் பிடித்து நேரே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிணற்றின் மேல்விளிம்பு ஓடைப் பக்கமாக இடிந்து கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் செம்மண் பூச்சு, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அடையாளமாக. அடியில் கொஞ்சம் கலங்கல் நின்றது.

"ஓடை ஏறி உள்ள விழுந்த தண்ணி. அன்னைக்கே பாத்தேன். போன்ல கத்தினேன், உனக்குக் கேக்கலை" என்றாள் அண்ணி. "நாலு தடவை மோட்டார் போட்டதும் காலி. நேத்து சுத்தமா இறைச்சு விட்டேன். விடிஞ்சதும் வந்து பாத்தா, ஒரு குடம் முங்கற அளவுகூட ஊறலை. நீ மைக்ல சொல்ற அதேதான் குட்டி. விருந்தாளி போயாச்சு."

குட்டி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மர வரிசைக்குள் போனாள். பாத்திக்கு வெளியே ஒரு இடத்தில் குத்தினாள். மேலே காய்ந்த ஏடு ஒன்று தட்டு உடைவது போல உடைந்தது. அதன் கீழே ஒரு சாண் ஈரம். அதற்கும் கீழே குத்தினாள். புழுதி பறந்தது. அத்தனை மழைக்கும் அந்த மண் உள்ளே நனையவே இல்லை.

பின்னாலேயே வந்த அண்ணன் அந்தக் குழியை எட்டிப் பார்த்தார். "என்னடா இது? பெஞ்ச மழைக்குக் கீழ வரைக்கும் போயிருக்கணுமே?"

"போகாது அண்ணா. மண்ணுக்கே முதல்ல தாகம் இருக்கு. அது குடிச்சு முடிச்ச பிறகு மிஞ்சுறதுதான் கீழ இறங்கிக் கிணத்துக்குப் போகும். மெதுவா ஒரு மழை பெஞ்சு, அந்த ஈரம் காயுறதுக்குள்ள இன்னொண்ணு, அது காயுறதுக்குள்ள இன்னொண்ணுன்னு வந்தாத்தான் இறங்கும். இது ஒரேயடியா வந்து ஓடிப்போச்சு." அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். "அண்ணா, நான் சொன்னது தப்பு. இன்னைக்கே வெட்டிடலாம். பாதி மரத்தையாவது வெட்டிடலாம்."

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். ஒரு தேனீ ஒவ்வொரு பூவாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது.

"பூத்து நிக்குது குட்டி."

"அதனாலதான் இன்னும் சீக்கிரம் வெட்டணும். இந்தத் துளிருக்கும் பூவுக்கும் முன்னைவிட அதிகமா தண்ணி வேணும். இருக்கற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிடும்."

"பூத்த மரத்துல ரம்பம் வைக்கச் சொல்றியா? வயித்துப்பிள்ளைக்காரிய அடிக்கச் சொல்ற மாதிரி இருக்கு. என்னால ஆகாது." அவர் குரல் உயரவில்லை. "நீதானே சொன்னே, இன்னும் பாதி சீசன் இருக்குன்னு? வரும். கடல்ல ஏதோ உருவாகியிருக்குன்னு ரேடியோவுலகூட சொன்னான்."

குட்டிக்கும் அது தெரியும். இன்று வரும், நாளை வரும் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த அந்த மேகம் ஒருவேளை இந்தப் பக்கம் திரும்பலாம். ஒரு மாதத்து மழையை மெல்ல மெல்ல ஒரு வாரத்தில் கொடுத்துவிடலாம். அப்படி நடந்தால், வெட்டியது பாவமாகிவிடும். ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிக் கவிழ்த்தவளுக்கு அடுத்த வார்த்தையை அடித்துச் சொல்ல நா எழவில்லை. அண்ணி உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்து துணியை உருவினாள். அண்ணன் அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்துக்கொண்டே மாட்டினார். குட்டி கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். பை நிறையப் பூவை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

மேகம் வேறு கரைக்குத் திரும்பிப் போனது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பூ உதிர்ந்து மிளகு மிளகாகப் பிஞ்சு வந்தது. பிஞ்சு மஞ்சளாகி, காற்று அடிக்காமலே கொட்டியது. அண்ணன் கிணற்றில் ஊறுகிற குடத்துத் தண்ணீரை வாளியில் தூக்கி மரத்துக்கு மரம் ஊற்றினார். அண்ணியும் வாயைத் திறக்காமல் தூக்கினாள். புதுத் துளிர்தான் முதலில் கருகியது. அப்புறம் பழைய இலை. இலை சுருண்டுவிட்ட பிறகு ரம்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

அணையிலும் அதே கதைதான். அன்றைக்கு இடம் ஒதுக்கி வைத்தார்களே, அந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. நின்றதையும் வெயில் நாளுக்கு நாள் குடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது, கீழே இருக்கிற ஊர் அடுத்த மழை வரைக்கும் குடிக்கத்தான் காணும். வாய்க்காலைத் திறப்பதில்லை என்று உத்தரவு ஆகிவிட்டது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் குட்டியும் ஒருத்தி. பலகையில் மட்டும் கணக்குக்குக் கீழே இழுத்த அந்தச் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. பேப்பரிலும் அப்படியே போட்டார்கள்: பருவமழை இந்த ஆண்டு இயல்பை விட அதிகம்.

மீசை அதை உரக்கப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். "மூணு வேளை சாப்பாட்டையும் ஒரே வேளையில வாயில திணிச்சுட்டு, நல்லா சாப்பிட்டியான்னு கேக்குறான்" என்றார். 

ஒரு நாள் காலை, அண்ணன் அணைக்கு வந்தார்.

குட்டியின் அறைக்கு வெளியே பெஞ்சில் வேறு நாலைந்து விவசாயிகளோடு அவரும் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. காலில் அவளைக் கேட்டு வாங்கிய செருப்பு. அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள்.

"அண்ணா, உள்ள வாங்க. ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"இருக்கட்டும். இவங்க முன்னாலயே வந்தாங்க. என் முறை வரட்டும்."

முறை வந்தது. உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல் வழியே நீர்த்தேக்கத்தைப் பார்த்தார். கரையோரம் வெடித்த சேறும், நடுவில் வெள்ளித் தகடு போலக் கொஞ்சம் தண்ணீரும்.

"ரெண்டு நாள் வாய்க்கால்ல தண்ணி விட்டா போதும். ஓரத்துல கசியறதே கிணத்துக்கு வந்துடும். அடி மரத்துல இன்னும் பச்சை இருக்கு. நகத்தால சுரண்டிப் பாத்தேன்."

"அண்ணா..."

"அன்னைக்கு அத்தனை தண்ணி வேண்டாம்னு விட்டீங்க. நான் தப்பு சொல்லலை. கீழ ஊர் இருக்கு, தெரியும். அதுல கால்வாசி கேக்கலை. துளி கேக்குறேன்."

"விட முடியாதுண்ணா. இருக்கறது குடிக்கறதுக்கே பத்துமான்னு தெரியலை. உங்களுக்கு விட்டா வாய்க்கால் பூரா விடணும். மண்ணே பாதியைக் குடிச்சுடும். உங்க கிணறு வரைக்கும் வந்து சேராது. வந்தாலும்..." அவளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "முடியாதுண்ணா."

அண்ணன் தலையை ஆட்டினார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"சரிங்க மேடம். வரேன்."

அவர் கேலி செய்யவில்லை. அங்கே வந்து போகிற எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது. குட்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மீசை டீ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. அவள் செய்தால் அண்ணிதான் எடுத்தாள். "இருக்கார். சாப்பிடுறார். தோட்டத்துப் பக்கம் போறதில்லை" என்பாள்.

பருவம் முடிந்து, கணக்கு முடித்து, பலகையைத் துடைத்து எல்லாம் ஆன பிறகு மழை வந்தது.

யாரும் கூப்பிடாத மழை. இடி இல்லை, மின்னல் இல்லை. ஒரு காலை நேரம் மெல்லத் தொடங்கி, நின்று, மத்தியானம் மறுபடி தூறி, மறுநாள் இன்னும் கொஞ்சம் வலுத்து, இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் பெய்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பெய்தது. ஓடை கலங்கவே இல்லை. தரையில் தேங்கவும் இல்லை. விழுந்தது விழுந்த இடத்திலேயே உள்ளே போனது. மொத்தத்தையும் அளந்தால் அந்த மூன்று நாள் மழையில் கால்பங்குகூட வராது.

குட்டி அந்த மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வாசனை எதிரே வரவில்லை. ரம்பம் இழுக்கிற சத்தம்தான் வந்தது.

அண்ணி தலையில் ஒரு சாக்கை மடித்து மழைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஒரு மரத்தை அடியோடு அறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டை காய்ந்து வெளுத்திருந்தது. முன் இரண்டு வரிசை ஏற்கெனவே விறகாகி ஓரத்தில் அடுக்கியிருந்தது. எந்த மரத்திலும் பச்சை இல்லை. ஒன்றிலாவது இருக்காதா என்று குட்டி வரிசை வரிசையாக நகத்தால் சுரண்டிக்கொண்டே போனாள். இல்லை.

"போய்க் கிணத்தைப் பாரு" என்றாள் அண்ணி, நிமிராமல். "நேத்து காலைல முழுக்க இறைச்சு விட்டேன்."

குட்டி போய் எட்டிப் பார்த்தாள். கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. செம்மண் இல்லை, கலங்கல் இல்லை. அடிக் கல் தெரிகிற தெளிவு. பாறை இடுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கசிந்து, சுவரில் மின்னி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்து விழுந்த தண்ணீர் இல்லை. மண் வழியே இறங்கி, வழி தேடி, உள்ளேயிருந்து வந்த தண்ணீர். இத்தனை வருஷம் எத்தனையோ கிணறுகளை அளந்தவளுக்கு இப்படி ஒரு ஊறலைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"நல்ல ஊறல்" என்றாள் அண்ணி, பின்னால் வந்து நின்று. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைதான் என்று நினைத்துக்கொள்ளலாம். "பாவம். யாருக்குன்னு ஊறுது."

அப்போது மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அண்ணன் வீட்டிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்து விழுந்தது. அவர் முதல் வரிசைக்கு மடை வெட்டினார். அங்கே வரிசை இல்லை, அடிக்கட்டைதான். தண்ணீர் போய்ப் பாத்தியில் நிரம்பி, அந்தக் கட்டையைச் சுற்றி நின்றது. நிரம்பியதும் மண்ணை இழுத்து மடையை அடைத்துவிட்டு, அடுத்த பாத்திக்கு வெட்டினார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற அதே நிதானம். ஒரு பாத்தியையும் விடவில்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள் அண்ணி. "மழை பெய்யுதுங்க. யாருக்குப் பாய்ச்சுறீங்க?"

அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அண்ணி இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தாள். குட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அண்ணன் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தார். பாதி அறுத்து விட்ட மரம் அங்கே சாய்ந்து நின்றது. தண்ணீர் அதன் அடியில் வந்து சேர்ந்தது. குட்டி எதிர்ப் பக்கம் போய் நின்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கடைசி வரிசைக்கு விடு, குட்டி" என்றார். "அதுதான் ரொம்ப வாடியிருக்கு."

குட்டி மடையை வெட்டினாள்.